உப்புமா கட்டி தட்டாமல் வர: ரவையை வறுப்பதும் தண்ணீரைப் பிரித்து ஊற்றுவதும்

உப்புமாவில் கிடக்கும் ஒரு கட்டியை எடுத்து விரலால் இரண்டாகப் பிட்டுப் பாருங்கள். மேலே வழுவழுப்பாக, வெந்து பளபளப்பாக இருக்கும். உள்ளே காய்ந்த வெள்ளை ரவை அப்படியே இருக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அங்கே போயிருக்காது. கட்டி எப்படி உண்டாகிறது என்பது இந்த ஒரு கட்டியிலேயே தெரிந்துவிடும்.

ரவை என்பது கோதுமையின் உடைத்த குருணை. அதில் பெரும்பகுதி மாவுச்சத்து. சுமார் 60 டிகிரியைத் தாண்டிய சூட்டில் தண்ணீர் பட்டால் அந்த மாவுச்சத்து நீரைக் குடித்து உப்பி, பசையாகிவிடும். கொத்தாக விழுந்த ரவையின் மேல் கொதிக்கிற தண்ணீர் பட்டால் முதலில் பசையாவது வெளிப்பக்கம். பசையான அந்தத் தோல் உள்ளே தண்ணீர் போகும் வழியை அடைத்துவிடுகிறது. அதற்குமேல் எத்தனை நேரம் மூடி வைத்தாலும் நடுவில் இருப்பது சரியாக வேகாது. ஆக, கொதிநீர் வருவதற்கு முன்பே ஒவ்வொரு குருணையும் தனித்தனியாகப் பிரிந்திருக்க வேண்டும். தண்ணீர் எல்லாக் குருணைக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே அளவில் போய்ச் சேர வேண்டும். முதல் வேலையை வறுப்பது செய்கிறது. இரண்டாவதைத் தண்ணீரைப் பிரித்து ஊற்றுவது செய்கிறது.

கொதிக்கிற தண்ணீரில் ரவையைத் தூவிக்கொண்டே கிளறுவதுதான் பல வீடுகளில் பழக்கம். கை பழகியவர்களுக்கு அது நன்றாகவே வரும். ஆனால் தூவும் கை ஒரு நொடி வேகமாகிவிட்டால் அங்கே ஒரு கொத்து விழும், அது கட்டியாகும். இங்கே நான் சொல்வது அதற்கு நேர் எதிரான முறை. ரவை வடச்சட்டியில் இருக்கும், தண்ணீர் அதைத் தேடி வரும், அதுவும் மூன்று தடவையாக. புதிதாகச் சமைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

எந்த ரவை, எவ்வளவு

உப்புமாவுக்கு பாம்பே ரவைதான். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் மளிகைக் கடையில் சாக்கிலிருந்து நிறுத்துத் தருகிற ரவையாக இருந்தாலும் சரி, பாக்கெட்டாக இருந்தாலும் சரி, விரலிடையே தேய்த்தால் நறநறவென்று குருணை தெரிய வேண்டும். மாவாக வழுக்கும் சன்ன ரவை வேண்டாம். அது கேசரிக்கும் ரவா தோசைக்கும் நன்றாக இருக்கும், உப்புமாவில் சீக்கிரம் களியாகும். கோதுமை ரவைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் குருணை பெரிது, வேக நேரமும் தண்ணீரும் வேறு.

நான்கைந்து பேருக்கு 200 மில்லி டம்ளரில் 2 டம்ளர் ரவை, 5 டம்ளர் தண்ணீர். அதாவது ஒன்றுக்கு இரண்டரை. உதிரி உதிரியாக வேண்டுமென்றால் இரண்டேகால் வரை குறைக்கலாம், குழைவாக வேண்டுமென்றால் மூன்று வரை போகலாம். எண்ணெய் மொத்தம் 5 மேசைக்கரண்டி. எங்கள் பக்கத்தில் கடலெண்ணெய்தான் வழக்கம். இறக்கும்போது ஒரு ஸ்பூன் நெய். எண்ணெயைக் கஞ்சத்தனம் செய்கிற உப்புமா கட்டி தட்டுவதற்குத் தயாராக நிற்கிற உப்புமா. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

வறுப்பதற்கு முன் ரவையைச் சன்னக் கண்ணுள்ள சல்லடையில் ஒரு முறை சலித்துவிடுங்கள். வண்டு, குச்சி பார்ப்பதற்காக மட்டுமல்ல, ரவையோடு வரும் மாவுத்தூள் கீழே போய்விடும் என்பதற்காகவும்தான். அந்தத் தூள்தான் தண்ணீர் பட்டதும் முதலில் பசையாகி, பக்கத்துக் குருணைகளை ஒட்டிப் பிடிப்பது. சலித்த தூளை வீணாக்க வேண்டாம், தோசை மாவில் கலந்துவிடலாம்.

வறுப்பது

அடி கனமான, வாய் அகலமான வடச்சட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு இருந்தால் மிகவும் நல்லது. மெல்லிய எவர்சில்வர் சட்டியில் நடுவில் மட்டும் சூடேறும், ஓரத்து ரவை பச்சையாகவே நிற்கும், நடுவில் இருப்பது சிவந்துபோகும்.

அடுப்பை மிதமான தீயில் வைத்து ரவையை வெறும் சட்டியில் கொட்டுங்கள். தோசைத் திருப்பியை வைத்து அடியிலிருந்து சுரண்டி மேலே புரட்டிக்கொண்டே இருங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் எதுவும் நடக்காதது போலத்தான் தெரியும். அந்த நேரத்தில் ரவையில் இருக்கிற ஈரம் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு குளிர்ந்த எவர்சில்வர் மூடியைச் சட்டிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சில நொடி பிடித்துப் பாருங்கள். மூடியின் அடியில் மங்கலாக நீராவி படிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். படியாமல் மூடி தெளிவாக இருந்தால் ஈரம் போய்விட்டது.

ஈரம் போனதும் தீயைக் குறைத்து, 2 மேசைக்கரண்டி எண்ணெயை ரவையின் மேல் பரவலாக விடுங்கள். எண்ணெய் விழுந்த இடம் திட்டாகத் தெரியும். திருப்பியால் அழுத்தித் தேய்த்துப் புரட்டினால் ஒரு நிமிடத்தில் எல்லாப் பக்கமும் பரவிவிடும். இங்கேதான் எண்ணெயின் வேலை. குருணையைச் சுற்றி மெல்லிய பூச்சாக நின்று, ஒரு குருணையின் பசை இன்னொன்றில் ஒட்டாமல் தடுக்கிறது, தண்ணீரும் கொஞ்சம் நிதானமாக உள்ளே போகிறது. சூடு தன் பங்குக்குக் கோதுமையின் புரதத்தை மாற்றி, அது பிசுபிசுப்பாக இழுக்காமல் செய்கிறது. அதனால்தான் நன்றாக வறுத்த ரவை வெந்தபிறகும் தனித்தனியாக நிற்கிறது.

பதம் வந்துவிட்டதா என்று பார்க்க மூன்று அடையாளங்கள் உண்டு. கரண்டியில் அள்ளிச் சரித்தால் எங்கும் நிற்காமல் சரசரவென்று சரிந்து விழ வேண்டும்; கொத்தாக ஒட்டி விழுந்தால் இன்னும் வேண்டும். வாசனை மாறும்: முதலில் இருந்த மாவு வாசனை போய், வறுபட்ட வாசனை வரும். தொட்டால் குருணை நன்றாகச் சுட வேண்டும். நிறத்தை நம்ப வேண்டாம். வெள்ளை ரவை லேசாகத் தந்த நிறத்துக்கு வந்தால் போதும். பொன்னிறமாகச் சிவக்க விட்டால் கட்டி தட்டாதுதான், ஆனால் தண்ணீர் குடிப்பது குறைந்து, வெந்த பிறகும் நறுக்கென்று கடிபடும்.

2 டம்ளருக்கு எல்லாம் சேர்த்து 9, 10 நிமிடம் ஆகும். 1 டம்ளர் என்றால் 6, 7 நிமிடம். பதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே விடக்கூடாது. கனமான சட்டி தன் சூட்டிலேயே அடி ரவையைக் கருக்கிவிடும். உடனே தட்டில் கொட்டிவிடுங்கள்.

கடையில் வறுத்த ரவை என்று விற்கிறார்களே, அதற்கும் இதெல்லாம் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும், ஆனால் நேரம் பாதி. பாக்கெட் பிரித்த பிறகு டப்பாவில் கிடந்து ஈரம் இழுத்திருக்கும், எண்ணெய்ப் பூச்சும் இருக்காது.

தண்ணீரும் தாளிப்பும்

பக்கத்து அடுப்பில் ஐந்தரை டம்ளர் தண்ணீர் வையுங்கள். அரை டம்ளர் கொதித்து ஆவியாகப் போகும் கணக்கு. உப்பைத் தண்ணீரிலேயே போட்டுவிட வேண்டும். 2 டம்ளர் ரவைக்கு இரண்டு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டு, தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். சற்று உப்புக் கரித்தால் உப்புமாவில் சரியாக இருக்கும். தளதளவென்று கொதி வந்ததும் தீயைக் குறைத்து, கொதி அடங்காமல் அப்படியே வைத்திருங்கள்.

ரவை வறுத்த அதே சட்டியில் மீதி 3 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, கடுகு, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, அப்புறம் வெங்காயம். இந்த வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கட்டி தட்டுவதோடு சம்பந்தப்பட்டது இதில் வெங்காயம் மட்டும். வெங்காயம் வதங்கும்போது தண்ணீர் விடும். அந்த ஈரம் சட்டியில் இருக்கும்போதே ரவையைப் போட்டால், தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே வெங்காயத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன உருண்டைகள் கட்டிக்கொள்ளும். பிறகு என்ன ஊற்றினாலும் அவை கரையாது. வெங்காயம் கண்ணாடி போல ஆகி, சட்டியில் வெறும் எண்ணெய் மட்டும் மினுங்கும்வரை வதக்குங்கள். தக்காளி, காய்கறி போடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கேரட்டையும் பீன்ஸையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு வேகவைத்துத் தண்ணீரோடு சேர்த்து ஊற்றுவது சுலபமான வழி.

இப்போது வறுத்த ரவையைத் தாளிப்பில் கொட்டி, ஒரு நிமிடம் புரட்டுங்கள். சட்டியும் ரவையும் மறுபடி சூடாக வேண்டும்.

மூன்று ஊற்று

தீயைச் சிம்மில் வையுங்கள். ஒரு கையில் தண்ணீர், ஒரு கையில் திருப்பி. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வராது என்றால் வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டு ஊற்றச் சொல்லுங்கள்.

முதல் ஊற்று 2 டம்ளர், ரவையின் அதே அளவு. கொதிக்கிற தண்ணீரை ஒரே இடத்தில் விடாமல், சட்டியின் ஓரத்திலிருந்து சுற்றிக்கொண்டே வாருங்கள். சர்ரென்று ஆவி எழும்பும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றும்போதே மறு கை அடியிலிருந்து புரட்டிக்கொண்டிருக்க வேண்டும். இந்த அளவுத் தண்ணீரில் ரவை குழையாது. ஈரமாகி, லேசாக உப்பி, புட்டுக்குப் பிசிறிய மாவின் பதத்தில் உதிரியாக நிற்கும். இந்த முறையின் உயிர் இந்தக் கட்டம்தான். எல்லாக் குருணையும் கொஞ்சம் நனைந்திருக்கிறது, எதுவும் மூழ்கவில்லை. கூழுக்குள் மிதந்தால் கண்ணில் படாத கட்டி இங்கே பளிச்சென்று தெரியும். இது தண்ணியாக இல்லாமல் கெட்டியாக இருப்பதால், திருப்பியின் முதுகால் சட்டியின் பக்கத்தில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் கட்டி உடைந்துவிடும். மொத்தத் தண்ணீரும் ஊற்றியபிறகு அழுத்தினால் வழுக்கிக்கொண்டு ஓடும்.

முப்பது, நாற்பது நொடி நன்றாகப் புரட்டுங்கள். அடியைச் சுரண்டி மேலே கொண்டுவரும்போது வெள்ளையாகக் காய்ந்த ரவை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் இரண்டாவது ஊற்றுக்கு அவசரப்படாமல், ஈரமான பகுதியோடு அதைக் கலந்துவிடுங்கள். காய்ந்த திட்டு ஒன்றுகூட இல்லை என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் அடுத்தது.

இரண்டாவது ஊற்றும் 2 டம்ளர். இப்போது பதம் மாறும். உதிரியாக இருந்தது ஒன்றுசேர்ந்து இளகும், மேலே டப்டப்பென்று குமிழ் வெடிக்கும். இங்கே வேகமாகக் கிளற வேண்டாம். நனைந்து உப்பிய குருணையை அடித்துக் கிளறினால் உடைந்து மாவுச்சத்து வெளியே வரும், உப்புமா பசைபோல இழுக்கும். நிதானமாக அடியிலிருந்து புரட்டினால் போதும்.

மூன்றாவது ஊற்று கடைசி 1 டம்ளர். இதை அரை அரையாகப் பிரித்து ஊற்றுங்கள். முதல் அரை டம்ளர் போனதும் திருப்பியை நடுவில் இழுத்துப் பாருங்கள். இழுத்த தடம் மெதுவாக மூடிக்கொண்டால் பதம் சரி, மீதியைப் பார்த்து ஊற்றலாம். தடம் அப்படியே நின்றால் மீதி அரை டம்ளரும் தேவை. உப்புமா ஆறும்போது இறுகும் என்பதால், இறக்கும்போது வேண்டியதைவிடக் கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும்.

மூடி போட்டுச் சிம்மில் 3, 4 நிமிடம். அணைத்துவிட்டு மூடியைத் திறக்காமல் இன்னொரு 5 நிமிடம். அந்தத் தம்மில்தான் ஈரம் எல்லாக் குருணையின் நடுவுக்கும் போய்ச் சேர்கிறது. பிறகு நெய் விட்டு, முள்கரண்டியாலோ திருப்பியின் ஓரத்தாலோ லேசாகக் கிளறி விடுங்கள். ஒரு சிட்டிகை எடுத்து இரு விரலிடையே நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியாமல் நசுங்கினால் வெந்துவிட்டது.

பச்சைத் தண்ணீரையே ஊற்றினால் என்ன என்று கேட்கலாம். பெரிய கட்டிகள் அவ்வளவாக வராது, உண்மைதான். ஆனால் சட்டியின் சூடு இறங்கி, மறுபடி கொதி வரும்வரை ரவை வெதுவெதுப்பில் ஊறிக்கொண்டே கிடக்கும். முடிவில் வருவது களி.

ஏற்காட்டில் வேறு கணக்கு

ஏற்காட்டில் இருக்கும் சித்தி ஐப்பசி மழையில் ஒரு நாள் போனில் கேட்டார்: “ஏங் கண்ணு, சேலத்துல உங்க வீட்ல செஞ்சா பொலபொலன்னு வருது. அதே ரவைய இங்க கொண்டாந்து செஞ்சா கட்டி கட்டியா நிக்குது, வெந்த மாதிரியும் இல்ல. என்ன பண்றது?”

“ரவைய எங்க வெச்சிருக்கீங்க சித்தி?”

“சன்னல் பக்கத்து டப்பாலதான். பனி உள்ள வந்துருமோ?”

அதுதான். மழைக்காலத்தில் சேர்வராயன் மலையில் மேகம் வீட்டுக்குள்ளேயே நுழைகிறது. மூடி சரியாகப் பொருந்தாத டப்பாவில் ரவை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கையில் எடுத்துப் பிடித்தால் பிடித்தபடி ஒரு நொடி நிற்கும். அந்த ரவையை சேலத்துக் கணக்கில் 6 நிமிடம் வறுத்தால், அந்த நேரம் முழுக்க ஈரம் போவதிலேயே போய்விடும், வறுபடவே ஆரம்பித்திருக்காது.

இரண்டாவது காரணம் உயரம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சேலத்தில் 99 டிகிரி. எவ்வளவு தீ வைத்தாலும் கொதிக்கிற தண்ணீர் அந்த 95-ஐத் தாண்டாது. குளிர்காற்றில் ஊற்றுகிற நேரத்துக்குள் அது இன்னும் இறங்கும். பசையாவதற்கு அந்தச் சூடு தாராளமாகப் போதும், ஆனால் குருணையின் நடு வேக நேரம் கூடுதலாக வேண்டும். வெளியே குழைந்து உள்ளே நறநறப்பதற்கு இதுதான் காரணம்.

சித்தி இருவருக்கு 1 டம்ளர் ரவைதான் போடுவார். அதற்கு இப்படிச் சொன்னேன். ரவையை வறுக்கும்போது கடிகாரத்தைப் பார்க்காமல் மூடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். நீராவி நின்ற பிறகுதான் எண்ணெய். அவருக்கு அது மொத்தம் 10 நிமிடம் வந்தது. தண்ணீர் இரண்டரை டம்ளர்தான், கூட்ட வேண்டாம். ஒரு டம்ளர், ஒரு டம்ளர், அரை டம்ளர் என்று மூன்று ஊற்று. தண்ணீர்ப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைக்காமல், கொதிக்கக் கொதிக்க மொண்டு ஊற்ற வேண்டும். முதல் ஊற்றுக்குப் பிறகு ஒரு நிமிடம் மூடி வைத்துவிட்டு அப்புறம் இரண்டாவது. கடைசியில் சிம்மில் 6, 7 நிமிடம், அணைத்த பிறகு 8 நிமிடத் தம். “உதிரியா வந்துருச்சு கண்ணு, சித்தப்பா ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டாரு” என்று அன்றைக்கே பதில் வந்தது.

மலையில் இருப்பவர்களும், கீழே மழைக்காலத்தில் இருப்பவர்களும் ரவையை வாங்கியதும் மொத்தமாக வறுத்து வைத்துக்கொள்ளலாம். முழுதாக ஆறிய பிறகுதான் டப்பாவில் போட்டு இறுக்கி மூட வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போது மூடினால் உள்ளே வியர்த்து, வறுத்ததன் பலன் போய்விடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் சமைப்பதற்கு முன் மூடியைத் திறக்காமலே வெளியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்.

கட்டி விழுந்துவிட்டால்

முதல் ஊற்றில் விழுந்த கட்டியைத் திருப்பியின் முதுகால் உடைப்பது பற்றி முன்பே சொன்னேன். எல்லாத் தண்ணீரும் ஊற்றியபிறகு கட்டி தெரிந்தால் கிளறிக்கொண்டே நிற்காதீர்கள். அடுப்பை அணைத்து, மூடி வைத்து 5 நிமிடம் விடுங்கள். ஆவியில் கட்டியின் தோல் மெதுவாகும். பிறகு பெரிய கட்டிகளை ஓரத்துக்கு ஒதுக்கி, கரண்டியால் ஒவ்வொன்றாக நசுக்குங்கள். உள்ளே வெள்ளை ரவை கொட்டினால் அந்த இடத்தில் மட்டும் ஒரு மேசைக்கரண்டி கொதிநீர் தெளித்துக் கலந்து, சிம்மில் மூடி 2 நிமிடம் வையுங்கள். மிக்ஸியில் அடிப்பது, மத்தால் கடைவது இரண்டும் வேண்டாம். கட்டி போகும், உப்புமாவும் போகும்.

தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று மேலே பச்சை ரவையைத் தூவுபவர்கள் உண்டு. அது நேராகக் கட்டியாகத்தான் விழும். அதற்குப் பதில் மூடியைத் திறந்து வைத்து, சிம்மில் புரட்டிப் புரட்டி ஈரத்தைப் போக்குங்கள். ஏற்கனவே பசையாகிவிட்ட உப்புமாவை மட்டும் உதிரியாக்க வழி கிடையாது. அதை நன்றாக ஆறவிட்டு, கையில் எண்ணெய் தொட்டு வடைபோலத் தட்டி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று சுட்டுத் தேங்காய்ச் சட்னியோடு பரிமாறலாம்.